பிபி மெஷினுக்கு விவரக்குறிப்பு: ±3, 'எல்லாக் கைக்கும்', 'கண்டறியும்'. எதை வைக்கலாம், எதை எடுக்கணும்?

#1 ஈரோட்டுக்கடை

வணக்கம். சர்ஜிகல் கடையில இருக்கற ஒரு டிஜிட்டல் பிபி மானிட்டரை ஆன்லைன்ல விற்பனைக்குப் போடப்போறோம். புஜத்துல கட்டற வகை, நாலு பென்சில் பேட்டரி. கம்பெனிக்காரங்க கொடுத்த இங்கிலீஷ் வாசகத்தை வச்சு நான் எழுதினது இது:

> 100% துல்லியமான பிபி மானிட்டர். மருத்துவமனைத் தரம். துல்லியம் ±3 மி.மீ. பாதரசம். எல்லாக் கைக்கும் பொருந்தும் யுனிவர்சல் கஃப். உங்களுக்கு பிபி இருக்கிறதா என்று வீட்டிலேயே கண்டறியுங்கள். இதயத் துடிப்புக் கோளாறைக் கண்டுபிடிக்கும். பக்கவாதத்தைத் தடுக்க உதவும். எஃப்டிஏ அங்கீகாரம் பெற்றது.

கையில இருக்கற காகிதம்: ஐஎஸ்ஓ 13485 சான்றிதழ், ஐஎஸ்ஓ 81060-2 சோதனை அறிக்கை, இறக்குமதி லைசென்ஸ் நகல், 'எஃப்டிஏ பதிவு'னு போட்ட ஒரு தாள். பெட்டிக்குள்ள இருக்கற கஃப்ல 22–42 செ.மீ.னு அச்சடிச்சிருக்கு. இதுல எது நிக்கும், எது நிக்காது?

#2 தரச்சான்று

13485 இருக்குன்னா கவலையே வேண்டாம் நண்பரே. அது மருத்துவக் கருவிகளுக்கான தனித் தரச்சான்று. அது வாங்கின கம்பெனி தயாரிக்கிற மெஷின் துல்லியமாத்தான் இருக்கும். '100%' மட்டும் எடுத்துடுங்க, மத்தபடி ±3 சரி. கம்பெனியே ஸ்பெசிஃபிகேஷன்ல போட்டது, நீங்களா எழுதலையே.

#3 அளவைமேசை

முதல் பாதி சரி. 13485 மருத்துவக் கருவித் தொழிற்சாலைகளுக்கான சான்றுதான். ஆனால் அது தொழிற்சாலையின் நடைமுறையைப் பற்றியது. உதிரிபாகத்தை எப்படிச் சோதிக்கிறார்கள், புகார் வந்தால் எப்படிப் பதிவு செய்கிறார்கள் என்பதெல்லாம் அதில் வரும். இந்த மெஷின் ஒரு மனிதரின் கையில் காட்டும் எண் சரியா என்பதற்கும் அதற்கும் நேரடித் தொடர்பு கிடையாது.

இப்போது ±3. கிட்டத்தட்ட எல்லாப் பெட்டியிலும் இதுதான் இருக்கும். விற்கிறவர், வாங்குகிறவர் இருவருமே இதைத் தவறாகப் படிக்கிறார்கள். இது ரத்த அழுத்தத்தின் துல்லியம் அல்ல. கஃபுக்குள் இருக்கும் காற்றின் அழுத்தத்தை சென்சார் எவ்வளவு சரியாகக் காட்டுகிறது என்பதே.

சர்வீஸ் மேசையில் செய்கிற சோதனையைப் பார்த்தால் புரியும். கஃபை ஓர் உலோக உருளையில் சுற்றி, குழாயில் ஒரு 'டி' இணைப்பு போட்டு, மறுமுனையில் தரமான அழுத்தமானியை மாட்டுவோம். 50, 100, 150, 200 என்று காற்றை ஏற்றி நிறுத்தி, இரண்டு எண்ணையும் ஒப்பிடுவோம். வித்தியாசம் 3 மி.மீ.க்குள் இருந்தால் தேர்ச்சி. உயர் அழுத்தத்தில் அளவின் 2 சதவீதம் வரை விடலாம். கவனியுங்கள், இந்தச் சோதனையில் மனிதரே கிடையாது.

மனிதர் கையில் கட்டியதும் கதை மாறுகிறது. மெஷின் மேல் அழுத்தத்தையும் கீழ் அழுத்தத்தையும் நேராக அளப்பதில்லை. கஃப் இறுகி இளகும்போது ரத்தக்குழாயின் துடிப்பால் உள்ளே காற்று லேசாக அதிரும். அந்த அதிர்வு எந்த அழுத்தத்தில் உச்சமாகிறது, எப்படி ஏறி எப்படி இறங்குகிறது என்று பார்த்து, கம்பெனி எழுதிய கணக்கு முறை அந்த இரண்டு எண்களையும் கணிக்கிறது. சென்சார் ±3-க்குள் இருந்தும் கணிப்பு 12 தள்ளிப்போகலாம். அதைச் சோதிப்பதுதான் 81060-2. ஆக உங்கள் காகிதங்களில் துல்லியத்தைப் பற்றிப் பேசுவது அந்த அறிக்கை ஒன்றுதான். அதைத் திறந்து மூன்று விஷயம் பார்த்துச் சொல்லுங்கள்: மாடல் எண், பயன்படுத்திய கஃபின் அளவு, கலந்துகொண்டவர்களின் கைச் சுற்றளவு.

#4 வெண்டைக்காய்

அப்பாவுக்கு வீட்ல 152/88 காட்டுது, டாக்டர்கிட்ட போனா 138. எந்த மெஷின் வாங்கறது நல்லது? இந்த மாடல் ஓகேவா? மாத்திரை டோஸ் கூட்டணுமா?

#5 மாத்திரைப்பெட்டி

தம்பி, இந்த இழை விளம்பர வாசகம் பற்றியது. டோஸ் பற்றி இங்கே யாரும் சொல்லக்கூடாது, சொன்னாலும் கேட்காதீங்க. எழுதிக்கொடுத்த டாக்டர்கிட்டயே கேளுங்க. ஆனா மெஷினை மாத்தறதுக்கு முன்னாடி ஒண்ணு பாருங்க. அப்பாவோட புஜம் எத்தனை செ.மீ. சுற்றளவு? கஃப்ல என்ன அளவு போட்டிருக்கு?

#6 வெண்டைக்காய்

சாரிங்க. டெய்லர் டேப் வச்சு அளந்தேன், 37 வருது. கஃப்ல 22–32. கட்டினா காத்து ஏறும்போது வெல்க்ரோ பிரியற மாதிரி பரபரன்னு சத்தம் வரும். பேட்டரி வீக்னு நெனச்சு புதுசு போட்டேன்.

#7 அளவைமேசை

பேட்டரி அல்ல, கஃப் சின்னது. ஈரோட்டுக்கடைக்காரரும் இதைப் படிக்கட்டும், ஏனென்றால் 'எல்லாக் கைக்கும்' என்ற வரி எழுதினால் நடப்பது இதுதான்.

கஃப் துணிக்குள் ஒரு காற்றுப்பை இருக்கிறது. அதன் நீளம் கைச் சுற்றளவில் 80 சதவீதமாவது இருக்க வேண்டும், அகலம் 40 சதவீதத்தை ஒட்டி இருக்க வேண்டும் என்பது வழக்கமான கணக்கு. 37 செ.மீ. கைக்கு நீளம் 29.6, அகலம் 14.8. சாதாரண அளவு கஃபின் பை இதைவிடக் குறுகியது, நீளமும் போதாது. பை குறுகலாக இருந்தால் உள்ளே இருக்கும் ரத்தக்குழாயை அமுக்க அதிகக் காற்று தேவைப்படும். மெஷின் அந்த அதிகக் காற்றையே அதிக ரத்த அழுத்தம் என்று எழுதிவிடும்.

எவ்வளவு தள்ளிப்போகும் என்பதற்கு எண் இருக்கிறது. 2023-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் 195 பேருக்கு ஒரே தானியங்கி மெஷினை வைத்து, கஃபை மட்டும் மாற்றி மாற்றி அளந்தார்கள். பெரிய கஃப் தேவைப்படுகிறவருக்குச் சாதாரண கஃப் கட்டியபோது மேல் அழுத்தம் சராசரியாக 4.8 கூடுதலாக வந்தது. மிகப் பெரிய கஃப் தேவைப்படுகிறவருக்கு 19.5 கூடுதல். மெலிந்த கைக்காரருக்கு நேர்மாறாக 3.6 குறைந்தது. சென்சாரின் ±3 இதற்கு முன்னால் எங்கே நிற்கிறது பாருங்கள்.

வெண்டைக்காய், உங்கள் அப்பாவின் 152-க்கு இது மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். அந்தக் கஃபில் வந்த எண்ணை நம்பி முடிவெடுக்காதீர்கள் என்று மட்டும் சொல்கிறேன். மெஷினோடு கஃபையும் டாக்டரிடம் எடுத்துப்போய்க் காட்டுங்கள். பெரிய கஃப் தனியாக வாங்கினால் அதே கம்பெனி, அந்த மாடலுக்கென்று குறிப்பிட்டதாகப் பாருங்கள். குழாய் முனை மாட்டிக்கொள்கிறது என்பதற்காக வேறு கம்பெனி கஃப் போட்டால், கணக்கு முறை எதிர்பார்க்கிற அதிர்வு வேறு, வருகிற அதிர்வு வேறு.

#8 மதிய_வெயில்

இதுக்குத்தான் சொல்றது, டிஜிட்டலே வேஸ்ட். பாதரச மெஷின் ஒண்ணுதான் நிஜம். டிஜிட்டல்ல வர்றதுல 10 கழிச்சிக்கணும், அவ்வளவுதான்.

#9 அளவைமேசை

10 கழிக்கிற வழக்கத்துக்கு ஆதாரம் எதுவும் இல்லை. மேலே பார்த்தீர்களே, மெலிந்த கைக்குக் குறைவாகக் காட்டுகிறது. அங்கேயும் 10 கழித்தால் உண்மையான எண்ணிலிருந்து இன்னும் தூரம் போவீர்கள். பாதரச மெஷினும் கஃப் வைத்துத்தான் அளக்கிறது, சின்ன கஃபின் தவறு அதிலும் வரும்.

#10 ஈரோட்டுக்கடை

அறிக்கையைத் திறந்து பார்த்தேன் சார். மாடல் எண்ல கடைசி எழுத்து வேற. எங்க பெட்டியில 'பி'ன்னு முடியுது, அறிக்கையில 'ஏ'. கலந்துகிட்டவங்க 85 பேர். சராசரி வித்தியாசம் மேல் அழுத்தத்துக்கு 1.4, நியமவிலக்கம் 6.9. கஃப் 22–32னு போட்டிருக்கு. எங்க பெட்டியில வர்றது 22–42. இது பிரச்சினையா? மெஷின் ஒண்ணுதானே?

#11 அளவைமேசை

பிரச்சினைதான். உங்கள் விவரக்குறிப்பில் மற்றதைவிட முக்கியமானது இது, எனவே கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

அறிக்கையில் உள்ள எண்கள் நல்ல எண்கள். சராசரி வித்தியாசம் 5-க்குள், நியமவிலக்கம் 8-க்குள் இருக்க வேண்டும் என்பது முதல் நிபந்தனை. இரண்டிலும் தேறியிருக்கிறது. இரண்டாவது நிபந்தனை ஒன்று உண்டு, ஒவ்வொரு ஆளுக்குமான சராசரியை வைத்துப் பார்ப்பது. அதிலும் தேறியதாக அறிக்கை சொல்கிறதா என்று பாருங்கள். ஆனால் இந்த எண்கள் எதற்குச் சொந்தம்? 'ஏ' மாடலும் 22–32 கஃபும் சேர்ந்த ஜோடிக்கு. துல்லியம் மெஷினுக்கு மட்டும் சொந்தமானது அல்ல, மெஷினும் கஃபும் சேர்ந்த ஜோடிக்குச் சொந்தமானது.

'ஏ'-க்கும் 'பி'-க்கும் வித்தியாசம் திரை வெளிச்சம், நினைவக எண்ணிக்கை, ப்ளூடூத் இவ்வளவுதான் என்றால் சிக்கல் சின்னது. சென்சார், பம்ப், வால்வு, கணக்கு முறை எதுவும் மாறவில்லை என்று கம்பெனியிடம் எழுத்தில் வாங்குங்கள். இப்படிச் சமமான மாடலாக ஏற்கும் வழக்கம் உண்டு.

கஃபில் அந்தச் சலுகை கிடையாது. 22–42 கஃபை ஒரே அளவு கஃபாகச் சோதிக்கும்போது, கலந்துகொள்கிறவர்களின் கைகள் அந்த வரம்பு முழுக்கப் பரவியிருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. குறைந்தது 40 சதவீதம் பேர் மேல் பாதியில், அதாவது 32 செ.மீ.க்கு மேல். 20 சதவீதம் பேர் மேல் கால்வாசியில், அதாவது 37-க்கு மேல். 85 பேரில் கணக்குப் போட்டால் 32-க்கு மேல் 34 பேர், அதில் 17 பேராவது 37-க்கு மேல். உங்கள் அறிக்கையில் 32-க்கு மேல் ஒருவர்கூட இருக்க வாய்ப்பில்லை. ஆக, வெண்டைக்காயின் அப்பா போன்றவர் உங்கள் மெஷினை வாங்கினால் கஃப் சரியாகக் கட்டிக்கொள்ளும், வெல்க்ரோ பிரியாது. வருகிற எண் சரியா என்பதற்கு மட்டும் உங்கள் கையில் காகிதம் இல்லை. சத்தம் போட்டாலாவது ஆளுக்குச் சந்தேகம் வரும்.

22–42 கஃபே பொய் என்று நான் சொல்லவில்லை. அகன்ற வரம்புக்கென்றே வடிவம் மாற்றிச் செய்து, முறையாகச் சோதித்துத் தேறியவை உண்டு. கம்பெனியிடம் 22–42 கஃபுக்கான தனி அறிக்கை கேளுங்கள். அதோடு stridebp.org, validatebp.org இரண்டிலும் மாடல் பெயரைத் தேடுங்கள். தேறிய மெஷின்களை ஆய்வறிக்கை பார்த்துப் பட்டியலிடுகிற தளங்கள் அவை. பட்டியலில் இல்லை என்பதற்காகக் கெட்ட மெஷின் என்று ஆகாது, விண்ணப்பிக்காமலும் இருக்கலாம். இருந்தால் நீங்கள் தைரியமாக எழுதலாம்.

#12 தரச்சான்று

ஒத்துக்கறேன், 13485 பத்தி நான் சொன்னது தப்பு. ஆனா ஒரு விஷயம். 1.4, 6.9னு எண்ணை விளம்பரத்துல போட்டா, 'இந்த மெஷின் 1.4தான் தப்புக் காட்டும்'னு ஜனங்க எடுத்துக்க மாட்டாங்களா? ±3-ஐ விட நல்லாருக்கேன்னு கம்பெனி குஷியாயிடும்.

#13 அளவைமேசை

நல்ல கேள்வி, அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள். 1.4 என்பது கூடுதலும் குறைவும் ஒன்றையொன்று கழித்துக்கொண்ட பின் மிஞ்சியது. பரவலைச் சொல்வது 6.9. தோராயமாக மூன்று அளவீட்டில் ஒன்று 7 மி.மீ.க்கு மேல் தள்ளியிருக்கலாம் என்பது அதன் பொருள். இதை வாங்குகிறவருக்கு இரண்டு வரியில் சொல்ல முடியாது. நானாக இருந்தால் எண்ணைப் போட மாட்டேன். 'சர்வதேசத் தர முறைப்படி மனிதர்களிடம் சோதித்துத் தேறியது' என்று எழுதி, எந்த மாடல், எந்தக் கஃப் என்று சேர்ப்பேன்.

#14 சொல்தராசு

இதில் எனக்கு உடன்பாடில்லை. எண்ணை மறைத்தால் 'சோதித்துத் தேறியது' என்பதும் '100%' மாதிரி இன்னொரு அலங்காரம் ஆகிவிடும். கேட்பவருக்குக் கொடுக்கத் தனி இணைப்பாவது வையுங்கள்.

நான் வந்தது தமிழைப் பற்றிச் சொல்ல. ஆங்கில விவரக்குறிப்பில் இல்லாத இரண்டு பொறி தமிழில் இருக்கிறது.

ஒன்று, 'பிபி' என்ற சொல். டாக்டரின் பேச்சில் பிபி என்றால் ரத்த அழுத்தம், உயிருள்ள எல்லோருக்கும் உண்டு. நம் வீடுகளில் 'அவருக்கு பிபி இருக்கு' என்றால் நோய். 'பிபி இருக்கிறதா என்று வீட்டிலேயே கண்டறியுங்கள்' என்ற உங்கள் வரி அதனால்தான் ஆபத்து. படிப்பவர் காதில் அது 'நோய் இருக்கிறதா என்று இந்த மெஷின் சொல்லும்' என்றே விழும். தலைப்பில் 'பிபி மெஷின்' என்று வைத்துக்கொள்ளுங்கள், தேடுகிறவர் அப்படித்தான் தேடுவார். உள்ளே வாக்கியங்களில் 'ரத்த அழுத்தத்தை அளக்கும்' என்று மட்டும் எழுதுங்கள். அளக்கும், காட்டும், பதிந்து வைக்கும், இந்த மூன்று வினை போதும். கண்டறியும், கண்டுபிடிக்கும், கண்காணித்துக் காக்கும், தடுக்கும் எதுவும் வேண்டாம்.

இரண்டு, 'கை'. 'கைச் சுற்றளவு 22–32 செ.மீ.' என்று எழுதினால் பாதிப் பேர் மணிக்கட்டை அளப்பார்கள், மீதிப் பேர் முன்னங்கையை. தமிழில் விரல் நுனி முதல் தோள் வரை எல்லாமே கை. 'புஜத்தின் சுற்றளவு' என்று எழுதி, எங்கே அளக்க வேண்டும் என்றும் சொல்லிவிடுங்கள்.

#15 மாத்திரைப்பெட்டி

எங்கே அளக்கறதுன்னா: தோள்பட்டை எலும்பு முனையிலிருந்து முழங்கை முனை வரை நீளம் பார்த்து, அதுல சரிபாதியில டேப்பைச் சுத்தணும். கையைத் தளர்வா தொங்கவிடணும், முறுக்கக்கூடாது. டேப் தோலைத் தொடணும், அழுத்தக்கூடாது. நம்ம வீட்டு டேப்ல நிறைய பேர் இஞ்ச் பக்கம்தான் பாப்பாங்க, அதனால இஞ்சும் சேர்த்துப் போடுங்க. 22 செ.மீ. ஏறக்குறைய எட்டே முக்கால் இஞ்ச், 32 பன்னிரண்டரையை ஒட்டி வரும். இதை எழுதாம விட்டா "முப்பத்திரண்டா, நமக்கு பதினாலுதானே"ன்னு வாங்கிடுவாங்க. கடையில இது நிஜமா நடக்கிற குழப்பம்.

சட்டப் பக்கம். பிபி மெஷின், டிஜிட்டல் தெர்மாமீட்டர், நெபுலைசர், குளுக்கோமீட்டர் எல்லாம் 2017 மருத்துவக் கருவி விதிகளுக்குள்ள வந்தாச்சு. இறக்குமதி லைசென்ஸ் எண்ணும் இறக்குமதியாளர் பெயர் முகவரியும் லேபிள்ல இருக்கணும். உங்ககிட்ட இருக்கற லைசென்ஸ் நகல்ல எந்த மாடல் பெயர் இருக்கு, 'ஏ'வா 'பி'யா? அதையும் பாருங்க. லைசென்ஸ் இருக்குங்கறதை விளம்பரத்துல 'அரசு பரிந்துரை'ன்னு மாத்தாதீங்க. விற்க அனுமதிக்கறது வேற, பரிந்துரைக்கறது வேற.

எஃப்டிஏ வரியை முழுசா எடுத்துடுங்க. உங்க தாள் தொழிற்சாலைப் பதிவு மட்டும். பதிவு செய்ததால அங்கீகாரம்னு பொருள் இல்லைன்னு அமெரிக்க எஃப்டிஏவே சொல்லுது. அவங்க முத்திரைப் படத்தையும் போடக்கூடாது.

அப்புறம் 1954-ஆம் வருஷத்து ஆட்சேபகர விளம்பரச் சட்டம். அதோட அட்டவணையில உயர் ரத்த அழுத்தம், குறை ரத்த அழுத்தம் பேரு இருக்கு. அந்த நோய்களைக் கண்டறியும், குணப்படுத்தும், தடுக்கும்னு மருந்தை விளம்பரம் பண்ணக்கூடாது. 'பக்கவாதத்தைத் தடுக்கும்' வரியை அதுக்காகவே நான் தொடமாட்டேன்.

#16 தரச்சான்று

அந்தச் சட்டம் மருந்துக்குத்தானே மேடம்? மெஷினுக்கு எப்படி வரும்?

#17 மாத்திரைப்பெட்டி

அதுல 'மருந்து'ங்கறதுக்கு விளக்கம் ரொம்ப அகலம். அளக்கிற கருவி அதுக்குள்ள வருமா வராதான்னு வக்கீலுங்க பேசட்டும், நான் தீர்ப்பு சொல்லலை. வரலைன்னே வச்சுக்குங்க. ஒரு மெஷின் பக்கவாதத்தைத் தடுக்காது, அதனாலயே அந்த வரி போகணும்.

#18 ஈரோட்டுக்கடை

சரிங்க மேடம். இதயத் துடிப்பு வரி? மெஷின்ல ஒரு இதயச் சின்னம் மின்னுது. பக்கத்துல பச்சை, மஞ்சள், சிவப்புப் பட்டையும் இருக்கு. அதை எழுதலாமா?

#19 அளவைமேசை

சின்னம் மின்னுவது, துடிப்புகளுக்கு இடையிலான நேரம் ஒன்றுக்கொன்று மாறும்போது. இதயத் துடிப்பு உண்மையிலேயே ஒழுங்கற்றிருந்தாலும் மின்னும், அளக்கும்போது பேசினாலோ கையை அசைத்தாலோகூட மின்னலாம். எதனால் என்று மெஷினுக்குத் தெரியாது. 'துடிப்பின் இடைவெளி சீராக இல்லாததாகத் தெரிந்தால் திரையில் சின்னம் தோன்றும். அசையாமல் மீண்டும் அளந்த பிறகும் தோன்றினால் மருத்துவரிடம் காட்டவும்' என்று எழுதலாம். இன்னொன்று, துடிப்பு ஒழுங்கற்றவர்களுக்கு ரத்த அழுத்த எண்ணே ஒவ்வொரு முறையும் மாறும். அவர்களிடம் சோதித்த அறிக்கை இல்லாவிட்டால் அதையும் குறிப்பிட வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் அப்படியே. அவர்களுக்குத் தனிச் சோதனை தேவை. உங்கள் அறிக்கை பெரியவர்களுடையது.

வண்ணப் பட்டையில் 'பச்சை என்றால் நலம்' என்று எழுதாதீர்கள். மாத்திரையால் பச்சைக்கு வந்தவர் மாத்திரையை நிறுத்திவிடுவார். கோடு எங்கே மாறுகிறது என்பதும் மெஷினுக்கு மெஷின் வேறுபடும். மருத்துவமனை அளவீட்டில் 140/90 என்ற எல்லைக்கு வீட்டு அளவீட்டில் 135/85 என்று எடுத்துக்கொள்வது வழக்கம். உங்கள் மெஷினின் பட்டை எதை வைத்து நிறம் மாற்றுகிறது என்று கையேட்டில் பாருங்கள்.

#20 வெண்டைக்காய்

தெர்மாமீட்டருக்கும் இதே மாதிரிதானா? அதுல ±0.1னு போட்டிருக்கே, அதுவும் சென்சார் மட்டும்தானா?

#21 அளவைமேசை

ஏறக்குறைய ஆமாம். நுனியில் உலோகம் உள்ள சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டரில் ±0.1 செல்சியஸ் என்பது நுனியின் வெப்பத்தைப் பற்றியது, வெந்நீர்த் தொட்டியில் சோதிப்பது. நுனி சரியாகக் காட்டினாலும் அதை அக்குளில் வைத்தால் வாயில் வருவதைவிடக் குறைவாகத்தான் வரும். எந்த இடம் என்று சொல்லாத எண் அரைகுறை. நெற்றியில் காட்டுகிற வகை தனிக் கதை, வேறு இழை திறவுங்கள்.

#22 ஈரோட்டுக்கடை

எல்லாரும் சொன்னதை வச்சுத் திருத்தி எழுதினேன். லைசென்ஸ்ல 'ஏ', 'பி' ரெண்டு மாடலும் இருக்கு. சென்சாரும் கணக்கு முறையும் ரெண்டுக்கும் ஒண்ணுதான்னு கம்பெனிக்காரங்க லெட்டர் அனுப்பிட்டாங்க, 'பி'யில ப்ளூடூத் மட்டும் கூடுதல். அறிக்கையில ரெண்டாவது நிபந்தனையும் தேறியிருக்கு. 22–42 கஃபுக்குத் தனி அறிக்கை கேட்டேன், 'பார்த்துச் சொல்றோம்'னாங்க. அதனால இப்போதைக்கு 22–32 கஃப் வச்ச பெட்டியை மட்டும் போடறேன்.

> புஜத்தில் கட்டி ரத்த அழுத்தத்தையும் நாடித்துடிப்பையும் அளக்கும் டிஜிட்டல் பிபி மெஷின். பெரியவர்களுக்கானது.
>
> கஃப்: புஜத்தின் சுற்றளவு 22 முதல் 32 செ.மீ. (சுமார் 8¾ முதல் 12½ இஞ்ச்) உள்ளவர்களுக்கு மட்டும். வாங்கும் முன் தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் டேப்பால் அளந்து பாருங்கள். கை இதைவிடப் பருமனாக இருந்தால் எண் கூடுதலாகவும், மெலிந்திருந்தால் குறைவாகவும் காட்டலாம்.
>
> துல்லியம்: இதே சென்சாரும் கணக்கு முறையும் கொண்ட 'ஏ' மாடல், 22–32 செ.மீ. கஃபுடன் 85 பேரிடம் ஐஎஸ்ஓ 81060-2 முறைப்படி சோதிக்கப்பட்டுத் தேறியது. அறிக்கை கேட்டால் தரப்படும். கஃபின் காற்றழுத்தத்தைக் காட்டுவதில் சென்சாரின் பிழை வரம்பு ±3 மி.மீ. பாதரசம்; இது ரத்த அழுத்த அளவீட்டின் பிழை வரம்பு அல்ல.
>
> இந்தக் கருவி அளவைக் காட்டும். நோய் உண்டா இல்லையா என்று சொல்லாது. இதில் வரும் எண்ணை வைத்து மருந்தைத் தொடங்கவோ நிறுத்தவோ அளவை மாற்றவோ வேண்டாம். குறித்துவைத்து மருத்துவரிடம் காட்டுங்கள். கர்ப்பிணிகள், துடிப்பு ஒழுங்கற்றவர்கள் ஆகியோரிடம் இது தனியாகச் சோதிக்கப்படவில்லை.

#23 சொல்தராசு

'கை இதைவிடப் பருமனாக' என்ற இடத்தில் மறுபடி கை வந்துவிட்டது. 'புஜம்' ஆக்குங்கள். அரைப்புள்ளி போட்ட வாக்கியத்தை உடைத்துவிடுங்கள், போன் திரையில் இரண்டு பாதியும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு தெரியும்.

#24 மாத்திரைப்பெட்டி

டயாலிசிஸுக்கு ஃபிஸ்டுலா போட்ட கையில கட்டக்கூடாதுன்னு ஒரு வரி கட்டாயம் வேணும். மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை செய்த பக்கத்துக் கையிலயும் டாக்டரைக் கேட்காம கட்டக்கூடாது.

அளக்கும் முறையையும் நாலு வரி போடுங்க, திருப்பி அனுப்பற பார்சல் குறையும். 5 நிமிஷம் சாய்ந்து உட்காரணும், பாதம் தரையில இருக்கணும், பேசக்கூடாது. கஃபோட கீழ் விளிம்பு முழங்கை மடிப்புக்கு 2 செ.மீ. மேல. சட்டை மேல கட்டக்கூடாது. கஃப் இதய உயரத்துல இருக்க மேசையில கையை வைக்கணும். கையை மடியில தொங்கவிட்டா, கஃப் 10 செ.மீ. தாழ்ந்தா கூட சுமார் 8 கூடிடும். ஒரு நிமிஷம் விட்டு ரெண்டாவது தடவை பாக்கணும். "ஒவ்வொரு தடவையும் வேற வேற காட்டுது, மெஷின் ரிப்பேர்"னு வர்ற புகார்ல பெரும்பகுதி இங்கதான் ஆரம்பிக்குது.

#25 மதிய_வெயில்

இவ்வளவு எழுதினா எவன் வாங்குவான்? பக்கத்துக் கடைக்காரன் '100% துல்லியம்'னு போட்டு வித்துட்டுப் போவான்.

#26 ஈரோட்டுக்கடை

போவான்தான் அண்ணே. ஆனா 37 செ.மீ. கைக்காரர் அவன்கிட்ட வாங்கினதைத் திருப்பிக் கொடுக்க எங்க கடைக்குத்தான் வருவார், ஊர்ல அப்படித்தான்.

சொல்தராசு, மேடம், ரெண்டு பேரும் சொன்னதைச் சேர்த்துட்டேன். அளவைமேசை சார், ஒரு கடைசி சந்தேகம். 22–42 கஃப் வச்ச பெட்டி குடோன்ல நாப்பது கிடக்கு. அதுல 22–32 கஃபை மாத்தி வச்சு விக்கலாமா, இல்ல வெளிப்பெட்டியில 22–42னு அச்சிருக்கறதால லேபிள் பிரச்சினை வருமா?

#27 அளவைமேசை

அளவீட்டுப் பக்கம் தடை இல்லை, கம்பெனியின் 22–32 கஃப் அந்த மாடலுக்கானது என்றால். ஆனால் பெட்டியை நீங்களே பிரித்து மாற்றி, அச்சை ஸ்டிக்கரால் மறைப்பது சரியா என்பது எனக்குத் தெரிந்த பக்கம் அல்ல. இறக்குமதியாளரிடம் திருப்பி அனுப்பி, அவர்கள் மாற்றித் தரட்டும் என்பதுதான் என் யோசனை. மாத்திரைப்பெட்டி என்ன சொல்கிறார்?

#28 மாத்திரைப்பெட்டி

கடையில உட்கார்ந்து மாத்தாதீங்க. லேபிள் இறக்குமதியாளர் பொறுப்பு. திருப்பி அனுப்புங்க, அனுப்பும்போது அந்த 22–42 அறிக்கையை இன்னொரு தடவை எழுத்துல கேளுங்க.

#29 வெண்டைக்காய்

அந்த அறிக்கை வந்தா இங்கயே போடுங்க அண்ணா. அப்பாவுக்கு வேணும்.